மூன்று நாள் மணக்கோலம்

மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரிந்து செல்லும் சந்து ஒன்றின் மாடியில், விவாக வரவேற்புக்குரிய லெஹங்காவையும் கவுனையும் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருக்கிறது. வாசற் கண்ணாடியில் ஒட்டவும், ஆடையின் புகைப்படத்தோடு கைப்பேசியில் அனுப்பவும் நாலு வரி வாசகம் எழுதித் தர வேண்டுமென்று கடைக்கார அம்மாள் கேட்டுக்கொண்டதன் பேரில் நான் அங்கே சென்றிருந்தேன். வாடகை நாள், டெபாசிட், ட்ரையல் ஆகிய மூன்றும் அதில் வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஆனால் அந்த மூன்றுக்கும் உண்மையான அதிகாரி, பல வருஷ காலம் புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரம் போட்டிருந்து, இப்போது இந்தக் கடையின் பின்கட்டில் ஆடைகளைப் பழுது பார்க்கும் முதிய தையற்காரரே என்பது சிறிது நேரத்தில் விளங்கிற்று.

"3 நாள் வாடகை" என்று மட்டும் இதுவரை எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆடையை வாங்கிச் செல்லும் பெண் வீட்டார் திங்கட்கிழமை மாலை வரை அவகாசம் உண்டென்று நினைக்க, கடையோ வெள்ளி, சனி, ஞாயிறு என்று எண்ணிவிட்டு ஞாயிறு இரவே எதிர்பார்த்து நிற்கும். ஒரு நாள்தானே என்று தோன்றலாம். திரும்பி வந்த ஆடையை அப்படியே மடித்து வைத்தால் வியர்வை பட்ட ஜரிகை கறுத்துவிடும் ஆதலால், உட்புறத்தை வெளியே திருப்பி மின்விசிறியின் கீழ் நிழலில் உலர்த்துகிறார்கள். கழுத்தோரத்தில் படிந்த மேக்கப்பை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள். பசையால் ஒட்டிய கற்களை உடைய ஆடையை டிரை வாஷுக்குப் போட்டால், அதன் திரவத்தில் பசை இளகிக் கற்கள் உதிர்ந்துபோகும் என்பதனால், இவ்வளவும் கைவேலையாகவே நடக்க வேண்டியிருக்கிறது. இதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் நெருங்கி நெருங்கி வரும்போது, ஒருத்தி ஒரு நாள் தாமதித்தால் அடுத்த மணப்பெண்ணுக்கு ஆடை இல்லை.

டெபாசிட் விஷயத்தில் எனக்குக் காட்டப்பட்ட உதாரணம் ஒரு மெரூன் லெஹங்கா. வாடகை 6,000 ரூபாய், டெபாசிட் 5,000 ரூபாய். ஓர் இரவு 8 மணிக்குத் திரும்பி வந்த அதை டியூப் லைட்டின் கீழே பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை ஜன்னலோரம் பிடித்துப் பார்க்கையில்தான், பாவாடையின் முன்மடிப்பில் குத்துவிளக்கு எண்ணெய் படிந்திருந்ததும், செருப்புக் குதி மாட்டி விளிம்பு நெட் கிழிந்திருந்ததும் புலப்பட்டன. நெட்டை மாற்ற 600, கறை நீக்க 300 என்று 900 ரூபாய் பிடித்துக்கொண்டு 4,100 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். நாலைந்து சம்க்கி உதிர்ந்ததற்குப் பணம் பிடிப்பதில்லை. "உடுத்தினா உதிரத்தான் செய்யும்" என்றார் தையற்காரர். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே டெபாசிட் உடனே கிடைக்கும் என்று எழுதுவது சரியாகாது. பகல் வெளிச்சத்தில் சோதித்த பின்னரே கிடைக்கும்.

ட்ரையலைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அவர் தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். பிளவுஸின் பக்கவாட்டில் இரு புறமும் துணி விட்டுத் தைத்திருப்பதால் இடுப்பையும் மார்பையும் பிரித்துப் பெரிதாக்கலாம். தோளும் கைக்குழியும் அவ்வாறு இடங்கொடா. அங்கே பொருந்தாவிட்டால் வேறு ஆடையைப் பார்ப்பதே உத்தமம். வாடகை ஆடையில் கத்தரி வைப்பதும் கிடையாது. பிறகு பிரித்துவிடக்கூடிய ஓட்டுத் தையலே போடுவார். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் அளவு பார்த்தால் இடையில் உடம்பு மாறிவிடுகிறது, முந்தின நாள் பார்த்தாலோ தைக்க நேரமில்லை என்பதால், பத்து நாளுக்கும் ஐந்து நாளுக்கும் இடைப்பட்ட காலமே அவருக்குச் சௌகரியம். "செருப்பைக் கொண்டாரச் சொல்லி எழுதுங்க சார். வெறுங்காலோட நின்னு அளவு குடுத்துட்டு, அன்னிக்கு ரெண்டு இஞ்சு ஹீல்ஸ் போட்டா பாவாடை தூக்கிக்கிடும், என்னையத்தான் வைவாங்க" என்றார்.

அலங்கார வர்ணனை இரண்டு சொல்லாவது வேண்டுமென்று அம்மாள் பிரியப்பட்டார். இடம் போதவில்லை. கடைசியில் ஒட்டப்பட்ட வாசகம் இது:

"வாடகை ரூ. 6,000. முதல் நாள் மாலை 4 மணிக்குப் பெற்று, மூன்றாம் நாள் இரவு 8 மணிக்குள் தரவும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 2,000.
டெபாசிட் ரூ. 5,000. திருப்பித் தந்த மறுநாள் பகலில் சோதித்து, சேதம் இருந்தால் அதற்கான தொகை போக மீதி தரப்படும்.
ட்ரையல் முன்பதிவு ரூ. 500, ஆடையை எடுத்தால் வாடகையில் கழியும்.
விசேஷத்துக்கு 10 முதல் 5 நாள் முன்பு, அன்று அணியும் செருப்புடன் வரவும்."