அம்மாவின் சுங்குடி குர்தி

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தைத்துக்கொடுத்த சுங்குடி குர்தி, முதல் துவைப்பிலேயே சுருங்கிவிட்டது. 'பரவாயில்லடி' என்றார் அம்மா. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இந்த முறை செல்லூரில் ஒரு தையல்கார அக்காவிடம் போனேன். ரகம் ரகமாகக் காட்டியவர், நான் சிவப்புச் சுங்குடியைத் தேர்ந்தெடுத்ததும் கத்தரியை எடுக்கவில்லை. துணியில் 50 செ.மீ. இடைவெளியில் நூலால் இரண்டு அடையாளம் தைத்தார். பிறகு முழுத் துணியையும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினார். மறுநாள் அளந்தால் 48!

"நனைக்காம வெட்டியிருந்தா, 100 செ.மீ. குர்தி 96 ஆகியிருக்கும்மா" என்றார். ஊறிய தண்ணீரும் சிவந்திருந்ததால், நான் கேட்ட வெள்ளை பைப்பிங்கையும் மறுத்துவிட்டார்.

நான்கு துவைப்பு முடிந்துவிட்டது. அம்மாவின் குர்தி அளவு மாறவில்லை.