"எவ்வளவு போகும்?" என்ற கேள்விக்கு வெளியே

பழைய நாணயம் ஒன்றின் படத்தைக் கண்டால் நம்மட ஆக்களின் வாயில் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இது எவ்வளவு போகும்?" நான் செய்யும் வேலையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எல்லாருக்கும் மாஸ்டர், தன் சேகரிப்புக்கும் தெரிந்த ஆக்களிடம் இருக்கும் காசுகளுக்கும் ஒரு விவரப்பட்டியல் தயாரிக்கிறார். படங்கள் எனக்கு வரும். படத்தில் இருப்பதை நான் எழுதுவேன். விலை எழுதக்கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. "அரிய", "நல்ல நிலை", "அழகான" என்ற சொற்களும் கூடாது. அவையும் விலைதான், இலக்கம் இல்லாத விலை.

போன மாதம் முள்ளியவளையில் எங்கட அயலில் இருக்கும் மாமி ஒருவரின் செப்புக்காசின் படங்கள் வந்தன. 2009இல் இடம்பெயர்ந்து போனபோது மாமி சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோன சில சாமான்களில் அதுவும் ஒன்று. அவவின் மாமியாரின் கொட்டப்பெட்டிக்குள் கிடந்ததாம். இப்ப வீட்டுக் கூரை வேலைக்குக் காசு தேவை. "விக்கலாமோ எண்டு நீயே சொல்லு தம்பி" எண்டு மாமி கேட்டா. அவ காசை விற்றுவிட்டால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு அந்தக் காசு இருந்ததற்கு மிஞ்சுவது என் பத்து வரிகள் மட்டுமாகவும் இருக்கலாம். அதனால் அவை சரியாக இருக்க வேண்டும்.

முதலில் படத்தையே சந்தேகிக்க வேண்டும். மாமியின் மகளின் போனில் பின் கமராவின் கண்ணாடி வெடித்திருந்தது. அவள் முன் கமராவால் எடுத்திருந்தாள். சில போன்களில் முன் கமரா படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். படத்தில் ஒரு காளை வலப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. அப்படியே எழுதியிருந்தால் பட்டியலில் இல்லாத ஒரு வகை பிறந்திருக்கும். காட்டிக்கொடுத்தது காசுக்குப் பக்கத்தில் வைத்த அடிமட்டம். அதன் இலக்கங்கள் தலைகீழாக இல்லை, இடம் வலம் மாறி இருந்தன. படத்தைத் திருப்பினேன். காளை இடப்பக்கம் பார்த்தது. எழுத்துத் தேய்ந்த காசென்றால் அடிமட்டம் இல்லாமல் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்தது வெளிச்சம். யன்னல் வெளிச்சம் கீழ்ப்பக்கத்தில் இருந்து பட்டால் மேடு பள்ளமாகத் தெரியும். நம் கண் வெளிச்சம் மேலே இருந்து வருகிறது என்றே நினைக்கும். காளை குழிக்குள் வெட்டியதுபோலத் தெரிந்தபோது படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். உடனே திமில் மேலே எழும்பியது.

அளவுக்கும் அந்த அடிமட்டமே உதவியது. படத்தில் 10 மில்லிமீட்டர் 412 புள்ளிகள். காசின் அகலம் 745 புள்ளிகள். கணக்குப் பார்த்தால் 18.1 மில்லிமீட்டர். ஆனால் அடிமட்டம் மேசையோடு கிடக்கிறது, காசின் முகம் அதைவிடச் சற்று உயரத்தில் கமராவுக்குக் கிட்ட இருக்கிறது. அதனால் காசு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். "சுமார் 18 மி.மீ., படத்தில் இருந்து" என்று எழுதினேன். நிறை படத்தில் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, நகைக்கடைத் தராசில் நிறுத்து அனுப்பச் சொன்னேன்.

இனி முகங்கள். ஆள் நிற்கும் பக்கத்தை முன்பக்கம் என்று வைப்பது வழக்கம். நிற்கும் உருவம் ஒன்று, முகமும் மார்பும் தட்டையாகிவிட்டன. "அரசன்" என்று எழுதவில்லை, "நிற்கும் மனித உருவம்" என்றே எழுதினேன். முடி தெரியவில்லை. பின்பக்கத்தில் படுத்த காளை, மேலே பிறை, கீழே எழுத்து, சுற்றிப் புள்ளி வட்டம்.

எழுத்தில் இரண்டாவதாக வரும் "து" தெளிவு. அதற்கு முன்னால் "ச"வின் வலப்பாதி மட்டும் இருக்கிறது. கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் காசே முடிந்துவிட்டது. இந்த வகையை அறிந்தவருக்கு அது "சேது" என்று தெரியும். ஆனாலும் கண்டதையும் ஊகித்ததையும் ஒன்றாக எழுதக்கூடாது. காணாததைச் சதுர அடைப்புக்குள் போட்டு "[சே]து" என்று எழுதி, எவ்வளவு தெரிகிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். முழுதாகத் தெரியும் காசிலும் நாம் இன்று எழுதும் "சே" கிடைக்காது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் சுழித்த கொம்பைப் புகுத்துவதற்கு முன் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். காசில் "செது" போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து "எழுத்துப் பிழை, போலி" என்று சொல்பவர்களும் உண்டு.

தேய்மானம்தான் ஆகப் பெரிய வேலை. இல்லாமல் போனதெல்லாம் தேய்ந்து போனதல்ல. கைபட்டுத் தேய்ந்தால் முதலில் மேடுகள் போகும், போன இடம் வழுவழுப்பாக இருக்கும். காளையின் திமிலும் உருவத்தின் முகமும் அப்படி. ஆனால் இடப்பக்க எழுத்துப் போனது வேறு காரணத்தால். புள்ளி வட்டம் இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் வட்டத்துக்கு வெளியேயும் வெறும் செம்பு அகலமாக இருக்கிறது. அச்சுக் காசின் நடுவில் விழவில்லை. அந்த எழுத்து ஒருநாளும் முழுதாக இந்தக் காசில் இருக்கவில்லை. இதைத் "தேய்ந்தது" என்று எழுதினால் அடித்த நாளில் நடந்ததைப் பாவித்தவர்களின் கைமேல் போடுவதாகும்.

நிறத்தையும் எழுத வேண்டும். பெரும்பகுதி கரும்பச்சை. பிறைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு புதுச்செம்புச் சிவப்பு. ஆரோ புளி போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். மாமியிடம், இனித் தேய்க்க வேண்டாம் என்று சொன்னேன். படத்தின் ஓரத்தில் வெளிர்பச்சைத் தூள் மாதிரி ஏதும் இல்லை. இருந்தால் அது செம்பை இன்னும் தின்றுகொண்டிருக்கும் அரிப்பு, மற்றக் காசுகளில் இருந்து பிரித்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும்.

எந்த அரசின் காசு என்பதைத் தனிவரியில் வைத்தேன். சேது எழுத்தும் காளையும் உள்ள காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்று சுவாமி ஞானப்பிரகாசர் 1920ஆம் ஆண்டளவில் எழுதினார். 1924இல் வந்த கொட்றிங்ரனின் இலங்கை நாணய நூலிலும் இவை பேசப்படுகின்றன. ஆனால் ராமநாதபுரத்துச் சேதுபதிகளும் காசு அடித்தவர்கள். எனவே அந்தச் சொல் ஒன்றை மட்டும் வைத்து அரசை முடிவு செய்ய முடியாது. ஒப்பிட்ட வகையை எழுதலாம், அதை விவரணையோடு கலக்கக்கூடாது.

கடைசி வரி வந்த வழி: "உரிமையாளர் கூற்று: மாமியாரிடம் இருந்து, முள்ளியவளை. முதலில் கிடைத்த இடம் தெரியாது." இதை வெட்டிவிடச் சிலர் சொல்வார்கள். ஆனால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்தில் இருந்து புதிதாக எடுக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. 1815க்கு முந்தியதாக நம்பப்படும் பொருளை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் ஏலாது. தோட்டத்தில் கிண்டி எடுத்ததும் பெட்டியில் இருந்து வந்ததும் ஒன்றல்ல. அதனால் மாமி சொன்னது அவ சொன்னபடியே நிற்கிறது.

காசு உண்மையா, வார்த்த போலியா என்றும் நான் எழுதவில்லை. வார்ப்பின் ஒட்டுக்கோடு விளிம்பில்தான் தெரியும். வந்த இரண்டு படங்களிலும் விளிம்பு இல்லை. "விளிம்புப் படமும் நிறையும் தேவை" என்று குறித்து மாஸ்டருக்கு அனுப்பினேன். மாமியிடமும் அதையே சொன்னேன்: அவை இரண்டும் வரும்வரைக்கும் ஆர் விலை சொன்னாலும் அவர் பார்த்துச் சொல்வது காசை அல்ல, படத்தை.