இன்னும் ஒரே ஒரு மேட்ச்

வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற ஒரு பெரியவர் வீடியோ கேமில் மூழ்கிவிட்டாரா என்ற பேச்சு வந்தால் வீட்டில் எல்லோரும் மணிக்கணக்கைத்தான் எடுக்கிறார்கள். நாலு மணி நேரம் ஆடினால் அடிமை, ஒரு மணி நேரம் என்றால் பரவாயில்லை. இந்தக் கணக்கை நம்பி ஒருவரை எடை போடக் கூடாது என்பது என் கட்சி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஏறக்குறைய 39,000 பேரை எடுத்துக்கொண்டு, கேம் நிறுவனங்களே தந்த ஆட்ட நேரப் பதிவுகளை அவர்களுடைய மனநிலையோடு ஒப்பிட்டார்கள். நேரம் கூடினாலும் குறைந்தாலும் மனநலத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆசைப்பட்டு ஆடுகிறவர்களுக்கும், ஆடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் ஆடுகிறவர்களுக்கும் இடையேதான் வேறுபாடு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் ரசித்து ஆடிவிட்டுத் திங்கட்கிழமை நிம்மதியாக ஆபீஸ் போகிறவரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

உலக சுகாதார அமைப்பும் மணிக்கணக்குக்குள் போகவில்லை. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறுக்கு மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பது கைமீறிப்போவது, மற்ற வேலைகளையும் ஆசைகளையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டம் முன்னால் வந்து நிற்பது, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது. இவற்றால் வேலையோ குடும்பமோ உடம்போ கணிசமாகக் கெட வேண்டும். வழக்கமாக 12 மாதமாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும். அந்த 12 மாதம், மருத்துவர் ஒரு நோயின் பெயரை எழுதுவதற்கான எல்லை. நம் பழக்கத்தைச் சரிசெய்ய அதுவரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றில் முதலாவதுதான் மிக முன்னதாகக் கண்ணில் படும் என்பது என் கணிப்பு. வேலை போவதற்கும் மனைவியோடு சண்டை முற்றுவதற்கும் மாதங்கள் ஆகலாம். ஆனால் பதினொன்றரைக்கு நிறுத்துவதாக நினைத்து ஒன்றேகாலுக்கு நிறுத்துவது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, பிஜிஎம்ஐ ஆடும் முப்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு பத்தரைக்கு நண்பர்கள் நால்வரும் ஸ்குவாடாகச் சேர்கிறார்கள். ஒரு மேட்ச் கடைசிவரை போனால் அரை மணி நேரம். நம்மவர் பதினொன்றரைக்கு எழுந்துவிட நினைக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் அவர் ஒரு மேட்சின் நடுவில் இருக்கிறார். விட்டுப் போனால் கூட்டாளிகளை மாட்டிவிட்டதாகும். அது முடியும்போது சிக்கன் டின்னர் கைக்கெட்டும் தூரத்தில் நழுவுகிறது, ரேங்க் புள்ளியும் குறைகிறது. தோற்று எழுந்துபோக மனம் வரவில்லை. ஜெயித்திருந்தாலோ, கை நன்றாக ஓடும்போது ஏன் விட வேண்டும் என்று தோன்றியிருக்கும். ஆக, தோற்றாலும் ஜெயித்தாலும் பதில் ஒன்றே: இன்னும் ஒரே ஒரு மேட்ச். சீசன் முடிவதற்குள் அடுத்த படிக்கு ஏற வேண்டும், அன்றன்றைக்கான மிஷன்களை முடிக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பாஸ் வீணாகும் என்ற நெருக்கடிகள் வேறு. இவற்றுக்கு நடுவே இயல்பாக எழுந்துபோகும் இடம் என்று ஒன்று கிடையாது. மன உறுதி போதாது என்று அவரைத் திட்டுவது வீண்வேலை.

கேம் ஆடுவதைக் கோளாறு என்று சொல்வதற்கே ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் தள்ளிவிடக்கூடியதும் அல்ல. கிரிக்கெட்டை நாள் முழுக்கப் பார்ப்பவரையும் விடிய விடிய நாவல் படிப்பவரையும் நோயாளி என்று யாரும் சொல்வதில்லையே, கேம் ஆடுகிறவருக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்? உலக சுகாதார அமைப்பு இந்த வகையைச் சேர்க்க முனைந்தபோது ஆய்வாளர்களிலேயே பலர் சான்று போதாது என்று எதிர்த்தார்கள். மனச்சோர்வு, வேலைச் சலிப்பு, தனிமை ஆகியவைதான் வேர், கேம் வெறும் அறிகுறி என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. பலருக்கு அது உண்மைதான். ஆனாலும் வேர் எதுவாக இருந்தாலும், இரவு இரண்டு மணிக்குத் தூங்குகிறவரின் மனச்சோர்வு தூக்கமின்மையால் மேலும் கனக்கும். அதை மறக்க மறுநாளும் ஆடுவார். இந்தச் சுழற்சியை எந்த முனையில் அறுத்தாலும் லாபம். அதோடு, கேமைக் குறைத்துத் தூக்கம் சரியான பிறகும் இரண்டு மூன்று வாரமாக மனம் தெளியவில்லை என்றால், பிரச்சினை வேறிடத்தில் இருக்கக்கூடும் என்று தெரிந்துகொள்ளவும் இதுவே வழி.

எனவே குறைப்பதற்கு முன் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்துவைப்பது நல்லது. எப்போது நிறுத்த நினைத்தேன், எப்போது நிறுத்தினேன், தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்தது: இவை மூன்றும் போதும். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. மேலதிகாரியோடு வாக்குவாதம் நடந்த நாட்களில்தான் ஆட்டம் நீள்கிறதா என்பது அங்கே தெரியும். அடுத்து, எல்லையைக் கடிகாரத்தில் வைக்காமல் மேட்ச் எண்ணிக்கையில் வையுங்கள். போனில் இருக்கும் டைமர் ஆட்டத்தின் நடுவில் வந்து நிற்கும், ஆடுகிறவரே அதைத் தள்ளிவிடுவார்; “இன்று இரண்டே மேட்ச்” என்றால் முடிவு தானாகவே வரும் இடத்தில் எழுந்துவிடலாம். ஆடத் தொடங்கும் முன்பே அதை ஸ்குவாடில் சொல்லிவிட வேண்டும். முடியும்போது சொன்னால் கெஞ்சுவார்கள்; முன்பே சொன்னால் நாலாவது ஆளைத் தேடிக்கொள்வார்கள். ஆட்டத்தைச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்துக்கு நகர்த்துவது இன்னும் பலன் தரும். தூக்கத்தோடு போட்டியிடும் ஆட்டத்துக்கு எல்லை கிடையாது, சாப்பாட்டோடு போட்டியிடுவதற்கு உண்டு. ரேங்க் ஆட்டம் வார இறுதியில் மட்டும் என்று வைத்துக்கொண்டு, பாஸ் வாங்குவதையும் நிறுத்திப் பாருங்கள். போனில் சேமித்த கார்டு விவரத்தை நீக்கிவிட்டால் நள்ளிரவுச் செலவு பாதி தானாக நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு எல்லை மீறிக்கொண்டே இருந்தால் இரண்டு வாரம் முழுதாக விட்டுப் பார்க்கலாம். கேமை அழித்துவிட்டால் ரேங்க் போய்விடுமே என்ற பயம் பலரைத் தடுக்கிறது. ஆட்டக் கணக்கை மின்னஞ்சல் போன்ற ஒன்றோடு இணைத்திருந்தால் சேர்த்தவை நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கும். போனிலிருந்து கேமை அழிப்பதால் அவை அழிவதில்லை. மறுபடி இறக்குவதற்கு ஆகும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. முதல் சில நாட்கள் எரிச்சலும் பதற்றமும் வரலாம், அதை வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். பழைய ஆட்ட நேரத்தைக் காலியாக விட்டால் ரீல்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். நண்பர்களின் குரலுக்காக ஆடியவர் அதே நண்பர்களைப் போனில் அழைக்கட்டும். போட்டிக்காக ஆடியவருக்கு மாலை நேர ஷட்டில் பொருந்தும். எவ்வளவு லேட்டாகத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, மறுநாள் இரவுத் தூக்கத்தைத் தானே முன்னுக்கு இழுக்கும்.

இரண்டு வாரம் விடவே முடியவில்லை, கடன் வாங்கி ஆடுகிறார், வேலைக்கே போவதில்லை, உயிர் மீதே வெறுப்பு வந்திருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. கடைசியாகச் சொன்னதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.