தொண்டை வலியா, நெஞ்சு வலியா?

பாரிஸில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போன அப்பாவுக்கு, அங்கே திடீரென்று நெஞ்சுப் படபடப்பு. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து தேறி, நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியோடு புதுச்சேரி திரும்பினார். அத்தனையும் பிரெஞ்சில். அடுத்த வாரம் சென்னையில் இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கல்லூரியில் இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்த உறவுக்காரப் பையன் ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தான். அதில் 'சமீபத்தில் ஆஞ்சைனா' என்று ஒரு வரி. மகள் ஆடிப்போனார். ஆஞ்சைனா என்றால் இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலி அல்லவா!

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியையிடம் ஓடினார். "டீச்சர், அப்பாவுக்கு ஏற்கெனவே ஹார்ட் பிராப்ளமா? அண்ணன் எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

டீச்சர் மூலத்தைப் பார்த்தார். அங்கே இருந்தது 'ஆன்ஜின்'. பக்கத்திலேயே, ஆறு நாள் அமாக்சிசிலின் கொடுத்ததாகக் குறிப்பு.

"நெஞ்சு வலிக்கு யாராவது ஆன்டிபயாடிக் கொடுப்பாங்களாம்மா? பிரெஞ்சுல இது தொண்டை அழற்சி. ஹார்ட் வலின்னா 'ஆங்கோர்'னு எழுதுவாங்க. இல்லைன்னா ஆன்ஜினோட 'நெஞ்சு'ங்கிற வார்த்தையையும் சேர்ப்பாங்க."

படபடப்போடு வந்தவருக்கு ஆஞ்சைனாவும் உண்டு என்று படித்தால், எந்த மருத்துவரும் ரத்தக்குழாய் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பார். தேவையில்லாத பரிசோதனைகள் வரிசைகட்டும்.

அதன்பிறகு டீச்சர் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ரத்த அழுத்தம் 15/9 என்று இருந்தது. பையன் அப்படியே இறக்கிவிட்டிருந்தான். பிரான்ஸில் அதை சென்டிமீட்டர் கணக்கில் சொல்வது வழக்கம். நாம் மில்லிமீட்டரில் சொல்கிறோம். பத்தால் பெருக்கி 150/90 என்று எழுதியவர், மூலத்தில் இருந்த எண்ணையும் பக்கத்தில் குறித்தார்.

அடுத்தது மாத்திரை. மூலத்தில் 'பிசோப்ரோலோல் 2,5 மி.கி.'. பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். டைப் செய்ததில் அது விழுந்துபோய், 25 மி.கி. ஆகியிருந்தது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை அது. பத்து மடங்கு போனால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மகள் கை நடுங்க அந்தத் தாளை மடித்து வைத்தார்.

கடைசிப் பக்கத்தில் மருத்துவர் கையால் எழுதிய ஒரு சொல், டீச்சருக்கும் பிடிபடவில்லை. இதுவாகத்தான் இருக்கும் என்று அவர் ஊகிக்கவில்லை. 'படிக்க முடியவில்லை' என்று எழுதி, "அண்ணனை அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்கச் சொல்லும்மா" என்றார். மறுபரிசோதனைக்கான தேதி அது என்று இரண்டு நாளில் பதில் வந்தது.

சென்னை மருத்துவர் புதிய தாளை நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி: "தொண்டை இப்போ சரியாயிடுச்சா சார்?"