1-0-1 என்றால் ஐந்து அல்ல!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)

நான் ஒன்றும் எழுத்தாளன் இல்லை. லேப் ரெக்கார்டைத் தவிர வேறு எதையும் நான் ஒழுங்காக எழுதி முடித்ததாக வரலாறு கிடையாது. அதையும் பாதி பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனாலும் மலர்க்குழுச் செயலாளர் "ஏல, எதையாவது எழுதிக் குடு, ரெண்டு பக்கம் காலியா கெடக்கு" என்று துரத்தியதால், என் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். இதில் வரும் முட்டாள் நான்தான். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வழியில்லை.

எனக்குச் சொந்த ஊர் வீரகேரளம்புதூர். தென்காசிக்கும் சுரண்டைக்கும் போகிறவர்கள் வி.கே.புதூர் என்று பஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அப்பா, அம்மா, நான், ஆச்சி. ஆச்சிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போதும் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றுகிற கை. எழுத்து தெரியாது. ஆனால் கட்டுக்கு எத்தனை பீடி, எத்தனை கட்டுக்கு எவ்வளவு கூலி என்பதை என் கால்குலேட்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

போன ஐப்பசியில் ஆச்சிக்கு ரெண்டு காலும் வீங்கிவிட்டது. பெருவிரலால் கணுக்காலில் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். தென்காசியில் ஒரு டாக்டரிடம் நானும் அம்மாவும் கூட்டிப்போனோம். அவர் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று வரி. மெட்ஃபார்மின் 500, பக்கத்தில் 1-0-1. ஃபியூரோசெமைடு 40, பக்கத்தில் 1-1-0. அடோர்வாஸ்டாடின் 10, பக்கத்தில் 0-0-1. முதலாவது சர்க்கரைக்கு, இரண்டாவது வீக்கத்துக்கு, மூன்றாவது கொழுப்புக்கு. எல்லாம் 30 நாளைக்கு.

அந்த வருஷம்தான் நமக்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர். சீட்டைப் பார்த்ததும் எனக்குக் குஷி! "ஆச்சி, இது பைனரி. 1-0-1ன்னா அஞ்சு, 1-1-0ன்னா ஆறு" என்றேன். "அஞ்சு மாத்திரையா? ஏன் கொல்லப் பாக்காரா?" என்றாள் ஆச்சி. மெடிக்கல் ஷாப்பில் ஒரே கூட்டம். கடைக்காரர் கவரில் எழுதப் பேனாவை எடுத்தபோது, "வேண்டாம் அண்ணாச்சி, எனக்குத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேனாவை நான் தடுக்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கினேன். "இதுல ரெண்டு ஒண்ணு இருக்கு, அப்போ ரெண்டு வேளை. இதுலயும் ரெண்டு ஒண்ணு, இதுவும் ரெண்டு வேளை. இதுல ஒரு ஒண்ணு கடைசில இருக்கு, இது ராத்திரி." அம்மாவுக்கு ரெண்டு வேளை என்றால் காலையும் ராத்திரியும்தான். நம் எல்லா வீட்டிலும் அப்படித்தானே? அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு நான் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1-0-1 என்பது மூன்று இடம். முதல் இடம் காலை, நடு இடம் மதியம், கடைசி இடம் இரவு. அந்தந்த இடத்தில் எழுதியிருக்கும் எண், அந்த நேரத்தில் எத்தனை மாத்திரை என்பது. நடுவில் சைபர் இருந்தால் மதியம் கிடையாது. ½-0-½ என்றால் காலையும் இரவும் அரை அரை மாத்திரை. பைனரியில் எப்படி இடத்துக்குத் தகுந்த மதிப்போ, இங்கேயும் இடம்தான் எல்லாம். நான் என்ன செய்தேன்? இடத்தை விட்டுவிட்டு ஒன்றுகளை மட்டும் எண்ணினேன். நம் பாடத்திலேயே பேரிட்டி செக்கர் என்று ஒன்று வருகிறதே, அது இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்கு 101-ம் 110-ம் ஒன்றேதான். ரெண்டிலும் ரெண்டு ஒன்று!

ரெண்டு வாரம் கழித்து அம்மா போன் பண்ணினாள். ஆச்சி ராத்திரியில் மூணு நாலு தடவை எழுந்திரிக்கிறாளாம். எங்கள் வீட்டில் கக்கூஸ் புறவாசல் பக்கம், ரெண்டு படி இறங்கவேண்டும். "சர்க்கரை கூடிருச்சு போல" என்று அப்பா சொல்ல, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது. உடனே ஆச்சி தனக்குத்தானே வைத்தியம் பார்த்து, பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அதற்கும் அடங்கவில்லை. ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில் அவசரமாக எழுந்தவளுக்குத் தலை கிறுகிறுத்து, படியில் விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு. பீடி சுற்றுகிற கை.

நான் ஊருக்கு ஓடினேன். மாத்திரை தீர்கிற சமயம் என்பதால், அதே சீட்டை எடுத்துக்கொண்டு இந்தத் தடவை சுரண்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த மருந்தாளுநர் வயசான மனிதர். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த நீர் மாத்திரையை எப்பக் குடுக்கிய?"

"காலையிலயும் ராத்திரியும் அண்ணாச்சி. சாப்பிட்டதுக்கப்புறம்."

"ராத்திரியா? கடைசி எடத்துல என்ன போட்டுருக்கு?"

பார்த்தேன். சைபர். வயிற்றைப் பிசைந்தது.

கடையில் ஆள் இல்லாததால் அவர் நிதானமாகச் சொன்னார். ஃபியூரோசெமைடு என்பது உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்குகிற மருந்து. முழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பிக்கும், ஒன்று ரெண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஆறு மணி நேரம் போல நிற்கும். அதனால்தான் இரண்டாவது மாத்திரையை மதியத்தோடு நிறுத்துகிறார்கள். காலை எட்டு மணிக்கு ஒன்று, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒன்று போட்டால், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அதன் ஆட்டம் முடிந்துவிடும். மனுஷன் நிம்மதியாகத் தூங்கலாம். ஆச்சி போட்டதோ ராத்திரி எட்டரைக்கு. அப்படியென்றால் ஒன்பதரையிலிருந்து ரெண்டரை வரைக்கும் அவளுக்குத் தூக்கம் கிடையாது. நீர் சட்டென்று இறங்குவதால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தமும் குறைந்து தலை சுற்றும். பன்னிரண்டு மணிக்கு விழுந்தது ஏதோ தற்செயல் இல்லை.

வீட்டுக்குப் போய் ஆச்சியிடம் கேட்டேன், எத்தனை எத்தனை மணிக்கு எழுந்திரிப்பாய் என்று. "பத்தரை, பன்னெண்டு, ஒண்ணரை. மூணு மணிக்கு மேல கட்டையா கெடப்பேன்" என்றாள். நாங்கள் யாரும் அதுவரை அவளிடம் அதைக் கேட்டதேயில்லை. சர்க்கரை கூடியிருந்தால் பகலிலும் அதே கதையாக இருக்கும், விடிய விடிய இருக்கும், தாகமும் எடுக்கும். இது மாத்திரை போட்ட நேரத்திலிருந்து கணக்காக ஆரம்பித்து, கணக்காக நின்றிருக்கிறது. ஆசிலோஸ்கோப்பில் பல்ஸ் பார்த்த மாதிரி.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள, மிச்சத்தை எண்ணிப் பார் என்பார்கள். 1-1-0 முப்பது நாளைக்கு அறுபது மாத்திரை. 1-0-1 போட்டாலும் அறுபதுதான். அம்மா மிச்சத்தை எண்ணியிருக்கிறாள், கணக்கு அச்சாகச் சரியாக வந்திருக்கிறது! எண்ணிக்கை தப்பைப் பிடிக்கும், இடத் தப்பைப் பிடிக்காது.

அந்த அண்ணாச்சி இந்த எழுத்துமுறையில் இல்லாத சமாச்சாரங்களையும் சொன்னார். முன்பெல்லாம் டாக்டர்கள் ஓ.டி., பி.டி., டி.டி.எஸ். என்றுதான் எழுதுவார்களாம், இப்போதும் எழுதுகிறார்கள். அது லத்தீன் மொழிச் சுருக்கம். பி.டி. என்றால் தினம் ரெண்டு வேளை, எந்த ரெண்டு என்று அதில் இருக்காது. அந்த வகையில் 1-0-1 நல்லது. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது இதில் கிடையாது, அதைத் தனியாக எழுதவேண்டும். அந்த ஒன்று என்பது மாத்திரையின் எண்ணிக்கைதான், மருந்தின் அளவு அல்ல. கடையில் 40 மில்லிகிராம் இல்லாமல் 20 கொடுத்தால், அதே ஒன்று பாதி மருந்தாகிவிடும். அதனால் அட்டையிலுள்ள எண்ணையும் சீட்டிலுள்ள எண்ணையும் ஒத்துப் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பயங்கரம், வாரம் ஒரு தடவை மாத்திரை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் அப்படிப்பட்டது. 1-0-0 என்று மட்டும் எழுதினால் படிக்கிறவன் தினமும் காலை என்றுதான் எடுத்துக்கொள்வான், ஏனென்றால் அந்த மூன்று இடமும் ஒரு நாளைக்குள்தான். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போனதுண்டு. அதற்குக் கிழமையின் பெயரையே எழுதவேண்டும்.

பிறகு லைப்ரரியில் தேடியபோது, ஜெர்மனிக்காரர்களும் இதே மாதிரி எழுதுகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே நான்கு இடம்: காலை, மதியம், மாலை, படுக்கப்போகுமுன். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் இப்படி அச்சடித்த பட்டியலைக் கேட்டு வாங்கும் உரிமை 2016 அக்டோபரில் வந்தது. நம் பக்கமும் சிலர் நான்கு எண் எழுதுவதுண்டு. நான்கைப் பார்த்தால் மூன்றாவதை இரவு என்று நினைத்துவிடாதீர்கள், கேட்டுவிடுங்கள்.

சரி, ஆச்சி கதைக்கு வருகிறேன். விஷயம் தெரிந்ததும் அம்மா பயந்துபோய் ராத்திரி மாத்திரையை அடியோடு நிறுத்தினாள். நிறுத்தியவள் அதை மதியத்துக்கு மாற்றவில்லை! மூன்று நாளில் கணுக்காலில் மறுபடி குழி விழ ஆரம்பித்தது. டாக்டரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால், சீட்டை வாங்கி 1-1-0க்குப் பக்கத்தில் 8 மணி, 2 மணி என்று எழுதினார், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு சிக்கல். ஆச்சிக்கு மத்தியானம் என்று ஒன்று கிடையவே கிடையாது. காலையில் பழைய சோறு, பிறகு பீடிக்கடையில் கட்டைக் கொடுத்துவிட்டு வந்து மூணு மணிக்குச் சாப்பாடு. இத்தனை வருஷப் பழக்கம். அதனால் அவளுக்கு மணி சொல்லிப் பிரயோஜனமில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியான பெல் அடித்துப் பிள்ளைகள் மறுபடி உள்ளே போகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நீர் மாத்திரை, சாப்பாட்டுக்குக் காத்திருக்கவேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டு முடிவுபண்ணினோம். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் அம்மா ஞாபகப்படுத்த வேண்டும்.

ராத்திரி எழுந்திரிப்பது நாலு நாளில் ஒரு தடவையாகக் குறைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அந்த மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை. முன்னைப்போல வேகமாக பீடி சுற்ற வராது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் போன மாசம் நானும் அவளும் மாத்திரை வாங்கப் போயிருந்தோம். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆச்சி என்னைத் தள்ளிவிட்டு, கவுண்டர் மேல் சீட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "இதுல நடு எடத்துல என்ன போட்டுருக்கு? கடைசி எடத்துல? இவங்கிட்ட சொல்லாதீங்க, எங்கிட்ட சொல்லுங்க. இவன் அஞ்சும்பான்."