முன்பதிவு தேவையில்லாத நேரம்

பிள்ளைகளே, வரும் வாரம் முதல் செவ்வாயும் வியாழனும் மதியம் 12.45 முதல் 1.30 வரை என் அறைக் கதவு திறந்திருக்கும். அப்போது யாரும் முன்கூட்டிக் கேட்காமலே வரலாம்.

சாயங்காலம் வைக்காததற்குக் காரணம் உண்டு. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பாறசாலையில் ரயில் பிடிக்கிறவர்களுக்கும் அதே கதைதான். மாலை நேரம் வைத்தால் நெய்யாற்றின்கரைக்குள் வீடு உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். வெள்ளிக்கிழமை இடைவேளை நீளம்தான், ஆனால் அது ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்களின் நேரம்.

வந்ததும் கதவருகே உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். உள்ளே ஆள் இருந்தாலும் திரும்பிப் போக வேண்டாம். ஒருவருக்குப் பத்து நிமிடம். ஒரே சந்தேகம் என்றால் சேர்ந்தே வாருங்கள். கணக்கில் விடை வரவில்லையா? முழுக்க அழித்துவிட்டு வராதீர்கள், தப்பாகப் போட்ட வரிகளோடு கொண்டு வாருங்கள். எந்த வரியில் குறி மாறியது என்று பார்த்தால் ஐந்தே நிமிட வேலை.

ப்ராஜெக்ட் அத்தியாயம் முழுவதும் படிக்க வேண்டுமென்றாலும், பரிந்துரைக் கடிதம் என்றாலும், வீட்டுப் பிரச்சினையைத் தனியாகப் பேச வேண்டுமென்றாலும் முந்தின நாளே சொல்லுங்கள், வேறு நேரம் ஒதுக்குகிறேன்.

எனக்கு விடுப்பு என்றால் காலையிலேயே வகுப்புக் குரூப்பில் போடுவேன். மலையாளத்தில் கேட்கத் தயங்குகிறவர்கள் தமிழிலேயே கேளுங்கள்.