தொட்டால் தெரியும் பீடபூமி

என் அக்காள் மகளுக்கு ஒன்பது வயது. பீடபூமி என்றால் என்ன என்று கேட்டால், "உயரமான சமநிலம்" என்று மூச்சுவிடாமல் சொல்வாள். கேமரன் மலைக்கு மூன்று முறை போயிருக்கிறாள். அங்கே தான் நின்றதும் ஒரு பீடபூமியில்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

போன பள்ளி விடுமுறையில் அறுபது சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்றில் தீபகற்ப மலேசியாவின் நடுப்பகுதியைச் செய்தோம். மணலை மட்டும் குவித்தால் ஊற்றும் தண்ணீரை அதுவே குடித்துவிடும், ஆறு ஓடாது. அதனால் நடுவில் தித்திவங்சா மலைத்தொடரைக் களிமண்ணால் எழுப்பினோம். தொடரின் ஓரிடத்தில் உச்சியைக் கத்தியால் சீவித் தட்டையாக்கியதும் கேமரன் வந்துவிட்டது. இருபுறச் சமவெளிகளும் மணல். எட்டுக் கப் மணலுக்கு ஒரு கப் தண்ணீர். பிடித்த உருண்டை உதிர்ந்தால் ஈரம் போதாது. பளபளத்துச் சரிந்தால் அதிகம்.

பிறகு விளையாட்டு. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட வேண்டும். பெயரைச் சொல்லாமல் விவரிக்க வேண்டும். மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். வானொலியில் நான் தினமும் செய்வதும் அதுதான், படம் காட்டாமல் பேசுவது. "விரல் ஏறுது, உச்சியில கூராகுது, இறங்குது" என்றால் மலை. "ரெண்டு பக்கமும் சுவர், நடுவுல பள்ளம்" என்றால் பள்ளத்தாக்கு. "உள்ளங்கை தட்டையா இருக்கு" என்றாள். சமவெளியா, பீடபூமியா? அது போதாது என்றேன். விரலை ஓரத்துக்கு நகர்த்தினாள். செங்குத்தாகக் கீழே விழுந்தது. "சித்தி, பீடபூமி!" இரண்டும் தட்டைதான். ஓரம்தான் வித்தியாசம்.

மூடியில் ஊசியால் துளையிட்ட பாட்டிலால் மலைமுகட்டில் மழை பெய்யவைத்தோம். தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. கிழக்கே இறங்கியதற்குப் பகாங் ஆறு என்றும், மேற்கே இறங்கியதற்குப் பேராக் ஆறு என்றும் பெயர் வைத்தோம். ஒன்று தென்சீனக் கடலுக்கு, மற்றது மலாக்கா நீரிணைக்கு. மணலை அடைந்ததும் வேகம் குறைந்து, அரித்து வந்த மண்ணை விசிறிபோல் பரப்பியது. அங்கே அவள் 'கழிமுகம்' என்று சீட்டு நட்டாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் மறைக்கவில்லை. எங்கள் மலை பத்து சென்டிமீட்டர் உயரம். தட்டின் அகலம் சுமார் 300 கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு கிலோமீட்டர் உயர மலை நான்கு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும்.

"அப்போ கேமரன் மழையெல்லாம் பகாங்குக்குத்தான் போகுமா?" என்று கேட்டாள். இயற்கையாக அப்படித்தான். ஆனால் மின்சாரம் எடுப்பதற்காக, ரிங்லெட் நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சுரங்கம் வழியாக மேற்கே பேராக் பக்கம் திருப்பியிருக்கிறார்கள் என்றேன். அவள் சமையலறைக்கு ஓடிப்போய் ஒரு ஸ்ட்ரா கொண்டுவந்து களிமண் மலையில் குத்தினாள்.